ஏரி நீர் ஆய்வுச் சுருக்கத்தை வாசிப்பது எப்படி? நண்பகலில் அளந்த ஆக்சிஜன் சொல்வதும் மறைப்பதும்

ஓர் ஏரியின் நீரைப் பற்றிய ஆய்வு வெளியாகும்போது, பெரும்பாலோர் கையில் கிடைப்பது அதன் முழு அறிக்கை அன்று. நூற்றைம்பது இருநூறு சொற்களில் அமைந்த சுருக்கம்தான். அதைப் படித்த ஒருவர் “நீர் குளிக்கத் தகுந்த அளவில் இருக்கிறது” என்றும், இன்னொருவர் “ஏரி கெட்டுவிட்டது” என்றும் சொல்வதுண்டு. இருவரும் ஒரே சுருக்கத்திலிருந்து ஒவ்வோர் எண்ணை எடுத்துக்காட்டுவார்கள், இருவர் காட்டும் எண்ணும் சரியாகவே இருக்கும். முடிவாகத் தரப்படும் எண்களுக்கு, அவை எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த ஆழத்தில் அளக்கப்பட்டன என்பதிலிருந்தே பொருள் பிறக்கிறது. சுருக்கத்தில் அந்தச் செய்தி ஒரே ஒரு வரியில் ஒதுங்கிவிடுவதால் இந்தக் குழப்பம் வருகிறது.

சேலம் வட்டாரத்தில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ள சேலத்து ஏரிகளையும், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுப் பகுதியின் நீர்நிலைகளையும் ஒரே அளவுகோலால் அளந்தால், சில எண்கள் நேர் எதிரான பொருள் தரும்.

## எடுத்துக்காட்டுக்கு ஒரு சுருக்கம்

கீழே உள்ளது விளக்கத்துக்காக அமைக்கப்பட்டது. இதில் உள்ள எண்கள் எந்த ஏரியிலும் அளந்தவை அல்ல; ஆனால் இத்தகைய சுருக்கங்களின் வடிவமும் எண்களின் அளவும் இப்படித்தான் இருக்கும்.

> நோக்கம்: சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள ஓர் ஏரியின் நீர்த்தரத்தை மதிப்பிடுதல், கழிவுநீர் கலக்கும் இடத்தை அறிதல். முறை: வரத்து வாய்க்கால் முகப்பு, படகுத்துறை, ஏரி நடு, கலிங்கு ஆகிய நான்கு இடங்களில், கோடையிலும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும், காலை 11 முதல் பிற்பகல் 2 மணிக்குள் மேல்மட்ட நீர் எடுக்கப்பட்டு, தர நிர்ணய முறைகளின்படி சோதிக்கப்பட்டது. முடிவுகள்: பி.எச். 7.6–9.1, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4.1–9.6 மி.கி.; உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 2.4–7.8 மி.கி.; மொத்தக் கோலிஃபார்ம் 100 மி.லி.க்கு 900–16,000, செக்கி தட்டு ஆழம் 0.6–1.3 மீட்டர். ஆக்சிஜன் குறைவும் கோலிஃபார்ம் மிகுதியும் வரத்து வாய்க்கால் முகப்பில் காணப்பட்டன. நீர்த்தரக் குறியீடு 74. ஏரி மிதமாக மாசுபட்டு, மிகையூட்ட நிலையை நோக்கிச் செல்கிறது.

மிகையூட்டம் என்பது பாஸ்பரசும் நைட்ரஜனும் அளவுக்கு மேல் சேர்ந்து பாசி பெருகும் நிலை. யூட்ரோஃபிகேஷன் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பது நீரில் உள்ள கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவிடும் ஆக்சிஜனின் அளவு, வழக்கில் பி.ஓ.டி. பழைய முறையில் 20 டிகிரி வெப்பத்தில் ஐந்து நாள் இருட்டில் வைத்து அளந்தார்கள். இந்தியாவில் இப்போது 27 டிகிரியில் மூன்று நாள் வைப்பது வழக்கம். கோலிஃபார்ம் என்பது குடலிலும் மண்ணிலும் வாழும் ஒரு பாக்டீரியாக் குழு. செக்கி தட்டு என்பது கயிற்றில் கட்டி நீரில் இறக்கும் வட்டத் தட்டு; அது கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவு.

## 9.6 மி.கி. ஆக்சிஜன் நல்ல செய்தியா?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளைப் பயன்பாட்டின்படி ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. திறந்தவெளியில் குளிப்பதற்கான ‘பி’ வகைக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மி.கி. அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தகுந்த ‘ஏ’ வகைக்கே 6 மி.கி. போதும். ஆகவே 9.6 என்ற எண்ணைப் பார்த்ததும் நீர் மிகத் தூய்மையானது என்று தோன்றும். உண்மையில் இந்தச் சுருக்கத்திலேயே கவலைக்குரிய எண்களில் ஒன்று இதுதான்.

காற்றிலிருந்து நீருக்குள் கரையக்கூடிய ஆக்சிஜனுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை நீர் சூடாகச் சூடாகக் குறையும்; காற்றழுத்தம் குறைந்தாலும் குறையும். கடல் மட்டத்தில் 24 டிகிரி வெப்பமுள்ள நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.4 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும். 1,400 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ 84 விழுக்காடுதான். எனவே அங்கே அதே வெப்பமுள்ள நீரின் எல்லை 7.1 மி.கி. அளவில் நின்றுவிடும். மலை குளிர்ச்சியானது, ஆகவே அங்கே ஆக்சிஜன் கூடுதல் என்று பொதுவாக எண்ணுகிறோம். குளிர்ச்சியால் வரும் ஆதாயத்தில் பெரும்பகுதியை உயரம் பறித்துக்கொள்கிறது.

இப்போது 9.6-ஐ 7.1-ஆல் வகுத்தால் 135 விழுக்காடு வருகிறது. காற்று தரக்கூடிய எல்லையை விட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலான ஆக்சிஜன் அசைவற்ற ஏரி நீரில் இருக்கிறதென்றால், அது காற்றிலிருந்து வந்திருக்க முடியாது. நீருக்குள்ளேயே உண்டாகியிருக்க வேண்டும். அதை உண்டாக்குவது வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசி. சுருக்கத்தில் உள்ள பி.எச். 9.1 இதற்குத் துணை நிற்கிறது. பாசி நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்ளும்போது நீரின் காரத்தன்மை ஏறும். ஆக்சிஜனின் மேல் எல்லையும் பி.எச். மதிப்பின் மேல் எல்லையும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் கிடைத்தவை என்றால் வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. சுருக்கம் வீச்சை மட்டும் தந்து, எந்த எண் எந்த இடத்துக்கு உரியது என்பதைச் சொல்லாமல் விடுவது இந்த இடத்தில்தான் வாசகருக்கு இடையூறாகிறது.

பாசி இரவிலும் சுவாசிக்கிறது; அப்போது ஆக்சிஜனை உண்டாக்காமல் செலவிட மட்டும் செய்கிறது. பகலில் மேலே ஏறிய ஆக்சிஜன் மாலையிலிருந்து இறங்கி, விடியலுக்குச் சற்று முன் மிகக் கீழான அளவை அடைகிறது. பாசி மிகுந்த நீர்நிலையில் பிற்பகல் ஒரு மணிக்கு 9 மி.கி.க்கு மேல் இருந்த அளவு, அதிகாலை ஐந்து மணிக்கு 3 மி.கி.க்குக் கீழே போவது இயல்பானதே. மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதும், மேகமூட்டமான சில நாள்கள் தொடர்ந்த பிறகு திடீரெனச் செத்து மிதப்பதும் இதனால்தான். பகலில் பாசி சேர்த்துவைக்கும் இருப்பு மேகத்தால் குறைகிறது. இரவுச் செலவோ குறைவதில்லை.

காலை 11 முதல் பிற்பகல் 2 மணிக்குள் நீர் எடுத்தோம் என்ற வரிக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. ஆய்வாளர்கள் அந்த நேரத்தைத் தேர்வதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு: கல்லூரியிலிருந்து வண்டி ஏறி மலைக்கு வந்து சேர வேண்டும், படகு கிடைக்க வேண்டும், மாதிரிகள் மாலைக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். அந்த வசதி ஏரியின் மிகச் சிறந்த முகத்தை மட்டும் பதிவு செய்துவிடுகிறது.

ஒரு விதிவிலக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் சமவெளி ஏரியில் நண்பகலிலும் ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும். இலைகள் வெளியிடும் ஆக்சிஜன் காற்றுக்குப் போய்விடும்; இலைப்போர்வை கீழே உள்ள நீருக்கு ஒளியையும் காற்றையும் தடுத்துவிடும். ஊட்டச்சத்து மிகுதி என்ற ஒரே நோய்க்கு ஓர் ஏரியில் உயர்ந்த ஆக்சிஜனும், இன்னோர் ஏரியில் தாழ்ந்த ஆக்சிஜனும் அறிகுறி.

## அளந்த விதத்தில் கவனிக்க வேண்டியவை

தர நிர்ணய முறைகளின்படி சோதிக்கப்பட்டது என்ற சொற்றொடர் எல்லாச் சுருக்கங்களிலும் உண்டு. பிழைகள் பெரும்பாலும் ஆய்வகத்தில் நேர்வதில்லை. ஏரிக்கரையிலும் வழியிலும்தான் நேர்கின்றன.

1. ஆக்சிஜனைக் கரையிலேயே நிலைநிறுத்த வேண்டும். விங்க்ளர் முறையில், குமிழி இல்லாமல் நிரப்பிய 300 மி.லி. கண்ணாடிக் குப்பியில் மாங்கனீசு சல்பேட் கரைசலையும் கார அயோடைடு-அசைடு கரைசலையும் அங்கேயே சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவும், அறவே இல்லையென்றால் வெள்ளை வீழ்படிவும் தோன்றும். பிறகு அமிலம் சேர்த்து, தயோசல்பேட்டால் தரம்பார்த்து அளவை அறிகிறார்கள். நிலைநிறுத்தாமல் சாதாரணக் குப்பியில் சேலத்துக்கு இறக்கிக் கொண்டுவந்து அளந்தால், வழியில் நீர் குலுங்கிக் காற்றைச் சேர்த்திருக்கும், அல்லது நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றிருக்கும். கிடைக்கும் எண் ஏரியுடையதாக இருக்காது. மின்முனைக் கருவியால் அளப்பதானால், ஏரிக்கரையின் காற்றழுத்தத்துக்கு ஏற்ப அதை அங்கேயே அளவு திருத்த வேண்டும். அடிவாரத்தில் திருத்திய கருவி மலையில் தவறு காட்டும்.

2. கோலிஃபார்ம் எண் எண்ணிப் பெற்றதன்று. அட்டவணையில் பார்த்துப் பெற்றது. நீரைப் பல நீர்ப்பு அளவுகளில் ஐந்தைந்து குழாய்களில் இட்டு, எத்தனை குழாய்களில் வாயு உண்டாகிறது என்று பார்த்து, அந்தக் கூட்டுக்கு உரிய வாய்ப்பு மிகுந்த எண்ணை அட்டவணையிலிருந்து எடுக்கிறார்கள். வழக்கமான அட்டவணையில் மிக உயர்ந்த திட்டமான எண் 1,600. அதற்குப் பிறகு எல்லாக் குழாய்களும் வாயு காட்டினால் ‘1,600-க்கு மேல்’ என்றுதான் எழுத முடியும். பத்து மடங்கு நீர்த்தால் இது 16,000 ஆகும். ஆகவே சுருக்கத்தில் 16,000 என்று காணும்போது, அது அளவா அல்லது அட்டவணை தீர்ந்துபோன இடமா என்று கேட்க வேண்டும். ‘மேல்’ என்ற சொல் சுருக்கத்தில் உதிர்ந்துபோயிருந்தால், உண்மை அளவு பல மடங்கு கூடுதலாகக்கூட இருக்கலாம்.

3. மாதிரிகளின் எண்ணிக்கை. நான்கு இடங்கள், இரண்டு பருவங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முறை என்றால் மொத்தம் எட்டுக் குப்பிகள். இவற்றைக் கொண்டு இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டை ஓரளவு சொல்லலாம். மிகையூட்ட நிலையை நோக்கிச் செல்கிறது என்று காலப்போக்கைப் பற்றிச் சொல்ல முடியாது; அதற்குப் பல ஆண்டுத் தொடர் அளவுகள் வேண்டும். அந்தக் கடைசி வாக்கியம் தரவிலிருந்து வரவில்லை.

செக்கி தட்டின் எண்ணிலும் ஓர் எச்சரிக்கை தேவை. 1977-இல் கார்ல்சன் தந்த ஊட்டநிலைக் குறியீட்டின்படி 1 மீட்டர் தெளிவுக்கு 60 மதிப்பெண், 0.6 மீட்டருக்கு ஏறத்தாழ 67. 50-க்கு மேல் போனாலே மிகையூட்டம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு, தெளிவைக் குறைப்பது பாசி என்று வைத்துக்கொள்கிறது. பருவமழைக்குப் பின் மலைச்சரிவிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் செம்மண் கரைந்து வந்த நீரில் தட்டு அரை மீட்டரில் மறைந்தால், அது மண்ணைத்தான் அளக்கிறது. கோடையில் பச்சை நிறத்தோடு கூடிய 0.6 மீட்டரும், மழைக்குப் பின் சிவந்த நீரில் கண்ட 0.6 மீட்டரும் ஒன்றல்ல. சுருக்கம் எந்தப் பருவத்தின் எண் என்று குறிப்பிடாதவரை இதைச் சான்றாக எடுக்கக் கூடாது.

## 74 என்ற ஒற்றை எண்

செய்தியில் முதலில் இடம்பெறுவது நீர்த்தரக் குறியீடுதான். பல அளவுகளை ஒரே எண்ணாக்கித் தருவதால் அது வசதியானது. என் கணிப்பில், சுருக்கத்தில் மிகக் குறைவாக நம்பத்தக்கதும் அதுவே.

முதல் சிக்கல், அதன் திசை. இந்திய ஆய்வுகளில் மிகுதியாகக் கையாளப்படும் எடையிட்ட சராசரி முறையில் எண் குறையக் குறைய நீர் நல்லது. 51 முதல் 75 வரை ‘மோசம்’. அமெரிக்கத் தேசியத் துப்புரவு அறக்கட்டளையின் முறையில் எண் கூடக் கூட நீர் நல்லது. அங்கே 71 முதல் 90 வரை ‘நன்று’. எந்த முறை என்று சொல்லாத 74, மோசமாகவும் இருக்கலாம், நன்றாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சிக்கல் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. எடையிட்ட சராசரி முறையில் ஒவ்வோர் அளவுக்கும் அதன் தர எல்லையின் தலைகீழ் விகிதத்தில் எடை தரப்படுகிறது. குளியல் எல்லைகளைக் கொண்டு நான்கு அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஆக்சிஜன் எல்லை 5, எடை 0.2, பி.ஓ.டி. எல்லை 3, எடை 0.333, பி.எச். எல்லை 8.5, எடை 0.118, கோலிஃபார்ம் எல்லை 500, எடை 0.002. எடைகளின் கூட்டுத்தொகை 0.653. வாய்க்கால் முகப்பின் கோலிஃபார்ம் 16,000 என்பது எல்லையைப் போல 32 மடங்கு. அதன் தனி மதிப்பெண் 3,200. எடையால் பெருக்கிக் கூட்டுத்தொகையால் வகுத்தால், குறியீட்டில் அது சேர்ப்பது பத்துக்கும் சற்றுக் குறைவு. குளிப்பவருக்கு முதன்மையான ஆபத்து, குறியீட்டில் ஓர் ஓரத்தில் ஒடுங்கிவிடுகிறது. பல ஆய்வுகள் கோலிஃபார்மைக் குறியீட்டில் சேர்ப்பதே இல்லை.

ஆக்சிஜனுக்கு இந்த முறை நடத்தும் கணக்கு இன்னும் விந்தையானது. அது 14.6 மி.கி. என்பதை இலட்சிய அளவாகக் கொள்கிறது. அது கடல் மட்டத்தில், பூஜ்ய டிகிரியில், உறையும் தறுவாயில் உள்ள நீரின் எல்லை. 14.6-இலிருந்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு குற்றப்புள்ளி. மாசே இல்லாத மலை ஏரி 24 டிகிரியில் தன் முழு எல்லையான 7.1 மி.கி. ஆக்சிஜனோடு இருந்தால் 78 புள்ளி பெறுகிறது. பாசி மண்டி 9.6 மி.கி.க்கு ஏறிய ஏரி 52 புள்ளிதான் பெறுகிறது. குறைந்த எண்ணே நல்லது என்பதால், பாசி பிடித்த ஏரி தூய ஏரியை முந்திவிடுகிறது. மேற்கண்ட எடையில் இது மொத்தக் குறியீட்டில் எட்டுப் புள்ளி வேறுபாடு. பாசியின் மிகுதியே அளவை நல்லதாக்கிக் காட்டுகிறது.

## கழிவுநீர் என்பதற்கு எது சான்று?

உயர்ந்த பி.ஓ.டி. கண்டதும் சாக்கடை என்று முடிவு கட்டுவது வழக்கம். பாசி நிறைந்த நீரை இருட்டுக் குப்பியில் வைத்தால், அந்தப் பாசியே சுவாசித்தும் செத்து மக்கியும் ஆக்சிஜனைச் செலவிடும். ஏரி நடுவில் காணும் பி.ஓ.டி. 5 என்பது சாக்கடை இல்லாமலேயே வரக்கூடியது. கீழே சேலத்துச் சமவெளியில் ஜவ்வரிசி ஆலைக் கழிவு கலக்கும் ஓடையில் பி.ஓ.டி. பன்மடங்கு ஏறும், அதில் மாவுச்சத்து இருக்கும், மனிதக் கழிவு இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஆகவே தனி எண்ணைவிட எண்களின் சேர்க்கையைப் பார்க்க வேண்டும். இந்தச் சுருக்கத்தில், வாய்க்கால் முகப்பில் ஆக்சிஜன் குறைவும் கோலிஃபார்ம் மிகுதியும் சேர்ந்தே வருகின்றன. அங்கே நீர் ஓடுகிறது, ஆகவே பாசி நிலைத்து வளரப் பொழுதில்லை. வெயில் நேரத்திலும் ஆக்சிஜன் 4.1-தான். இது கழிவுநீருக்கு வலுவான அடையாளம். மொத்தக் கோலிஃபார்ம் மண்ணிலிருந்தும் வரும் என்பதால், மலக் கோலிஃபார்மையோ ஈ. கோலையையோ தனியாக அளந்திருந்தால் ஐயம் பெரிதும் குறைந்திருக்கும்.

இன்னொரு மலிவான சான்றும் உண்டு. அது மின்கடத்துதிறன், அதாவது நீரில் கரைந்த உப்பின் அளவுகோல். சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் எளிதில் கரையாத கடும்பாறையால் ஆனது. அதன் மேல் மழை பெய்து சேரும் நீரில் உப்பு குறைவு. அங்கே வீட்டுக் கழிவுநீர் சிறிது கலந்தாலும் கடத்துதிறன் தெளிவாக எழும்பும். மலை அடிவாரத்தில், மக்னசைட் கனிமம் வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக் குன்றுகளை ஒட்டிய நிலப்பரப்பில் நிலைமை வேறு. அங்கே மெக்னீசியத்தால் நீர் கடினமாக இருப்பது பாறையின் இயல்பு. உயர்ந்த கடினத்தன்மையை மாசு என்று எழுதிவிடுவது தவறு.

குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தை ஏரி நீருக்குப் பொருத்தி, எல்லை மீறியது என்று எழுதுவதும் அடிக்கடி காணும் பிழை. அந்தத் தரத்தின்படி 100 மி.லி.யில் ஈ. கோலை கண்டறியப்படவே கூடாது. திறந்த வெளியில் கிடக்கும் எந்த நீர்நிலையும் அதில் தேறாது. படகு விடும், கரையில் மக்கள் கால் நனைக்கும் ஏரிக்கு ‘பி’ வகையே பொருத்தமான ஒப்பீடு. அதன்படி கோலிஃபார்ம் 500-க்குள் இருக்க வேண்டும். இந்த ஏரியின் மிகக் குறைந்த அளவே 900.

## இதிலிருந்து நடைமுறையில் வருவது

இந்தச் சுருக்கத்தை நேர்மையாகச் சுருக்கினால் கிடைப்பவை இவை. வாய்க்கால் வழியே கழிவுநீர் வருகிறது. இது ஓரளவு உறுதி. ஏரியில் பாசி மிகுந்திருக்கிறது. இதற்கு ஆக்சிஜன் மிகுதியும் பி.எச். மிகுதியும் சான்று. அளந்த எல்லா இடங்களிலும் நீர் குளிக்கத் தகுதியற்றது. விடியற்கால ஆக்சிஜன், அடிமட்ட நீரின் நிலை, காலப்போக்கு ஆகியவை பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

அடிமட்டம் விடுபட்டது சிறிய குறையன்று. கோடையில் மேல்நீர் சூடாகி, அடியிலுள்ள குளிர்ந்த நீரோடு கலக்காமல் அடுக்காக நிற்கும்போது, அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அப்போது சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸ் விடுபட்டு மீண்டும் நீருக்குள் வருகிறது. வாய்க்காலை மறித்துக் கழிவுநீரைத் திருப்பிவிட்ட பிறகும் பாசி சில ஆண்டுகளுக்குத் தொடர்வதற்கு இதுவே காரணம். அதை முன்கூட்டி அறியாதவர்கள், திருப்பிவிட்ட வேலை வீண் என்று முடிவு கட்டுவார்கள். மறுபக்கம், அடியில் ஆக்சிஜன் தீராத ஆழமற்ற ஏரியாக இருந்தால், பெரும் செலவில் தூர்வாருவதால் பாசி குறையும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதை மேல்மட்டக் குப்பி தீர்மானிக்காது.

அடுத்த சுற்றுக்கு அதிகச் செலவு தேவையில்லை. ஏரி நடுவில் மேல்மட்டத்திலும் அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், அதிகாலை ஐந்தரைக்கும் பிற்பகல் ஒன்றரைக்கும், வெப்பநிலையோடு சேர்த்து ஆக்சிஜனை அளக்க வேண்டும். வாய்க்கால் முகப்பில் ஈ. கோலையும் மின்கடத்துதிறனும், நடுவில் மொத்தப் பாஸ்பரசும் பார்க்க வேண்டும். அதிகாலை மேல்மட்ட அளவு 4 மி.கி.க்குக் கீழே வந்தால், மீன் வளர்ப்புக்கான ‘டி’ வகைக்கே ஏரி தேறவில்லை என்று பொருள். அடிநீர் பகலிலும் பூஜ்யத்தை ஒட்டி நின்றால், சேற்றிலிருந்து பாஸ்பரஸ் வெளியேறுகிறதா என்று அடுத்து சோதிக்க வேண்டியிருக்கும்.